இரட்டித்துப் பார்க்கும் சோதனை

1827-ல் பெர்லினிலிருந்து வெளிவந்த கிரெல்லேயின் கணித இதழில் லூயி ஒலிவியே என்பவர் ஒரு விதியை முன்வைத்தார். முடிவில்லாமல் நீளும் ஒரு கூட்டல் தொடர் ஒரு குறிப்பிட்ட எண்ணை நோக்கி ஒருங்குமா, இல்லை எல்லையின்றி வளர்ந்துகொண்டே போகுமா என்று சொல்லும் விதி அது. தொடரின் n-ஆம் உறுப்பை n-ஆல் பெருக்க வேண்டும். n பெரிதாகப் பெரிதாக அந்தப் பெருக்கற்பலன் பூச்சியத்தை நெருங்கினால் தொடர் ஒருங்கும், நெருங்காவிட்டால் விரியும் என்றார் ஒலிவியே.

எளிய உதாரணங்களில் விதி அழகாகவே வேலை செய்கிறது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரில் n-ஆம் உறுப்பு 1/n. அதை n-ஆல் பெருக்கினால் எப்போதும் 1. பூச்சியத்தை நெருங்கவில்லை, தொடரும் விரிகிறது. 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரில் n-ஆம் உறுப்பு 1/n². n-ஆல் பெருக்கினால் 1/n. அது பூச்சியத்தை நெருங்குகிறது, தொடரும் ஒருங்குகிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு விதியைச் சந்தேகிக்கத் தோன்றாது.

அடுத்த ஆண்டே அதே இதழில் நார்வேயைச் சேர்ந்த நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஆபெல் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். 1829-ல் 26 வயதிலேயே இறந்துபோனார். ஒலிவியேயின் விதியில் பாதி சரி என்பதை அவர் மறுக்கவில்லை. உறுப்புகள் குறைந்துகொண்டே போகும் தொடர் ஒருங்குமானால் அந்தப் பெருக்கற்பலன் பூச்சியத்தை நெருங்கத்தான் வேண்டும். மறுபாதிதான் தவறு. அதைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட தொடரின் n-ஆம் உறுப்பு இது:

1/(n ln n)

இங்கே ln என்பது இயல் மடக்கை. எந்த எண்ணுக்கு மடக்கை காண்கிறோமோ, அந்த எண்ணை e (சுமார் 2.718) என்ற அடியின் அடுக்காக எழுதினால் கிடைக்கும் அடுக்கெண்தான் அது. 1-இன் மடக்கை பூச்சியம் என்பதால் தொடரை n = 2-லிருந்து தொடங்க வேண்டும். உறுப்பை n-ஆல் பெருக்கினால் 1/ln n மிஞ்சுகிறது. மடக்கை மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளர்வதை நிறுத்துவதில்லை. ஆகவே 1/ln n பூச்சியத்தை நெருங்குகிறது. ஒலிவியேயின் கணக்குப்படி தொடர் ஒருங்க வேண்டும். ஆனால் அது விரிகிறது.

கணிப்பொறியில் கூட்டிப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். முதல் பத்து லட்சம் எண்கள் வரை கூட்டினால் கூட்டுத்தொகை சுமார் 3.42. நூறு கோடி வரை போனால் சுமார் 3.83. ஆயிரம் மடங்கு கூடுதலாக உழைத்து அரைப்புள்ளிகூட ஏறவில்லை. இந்தக் கூட்டுத்தொகை ln ln N + 0.7947 என்ற அளவை ஒட்டியே நகர்கிறது; அதாவது மடக்கையின் மடக்கை. அது 10-ஐத் தாண்ட வேண்டுமென்றால் N என்ற எண்ணுக்கு 4300-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். அத்தனை உறுப்புகளை எந்த இயந்திரமும் கூட்டி முடிக்காது. திரையில் தெரியும் எண்களை மட்டும் நம்புகிறவர் இந்தத் தொடர் 4-க்குப் பக்கத்தில் எங்கோ நின்றுவிடும் என்று எழுதிவிடுவார்.

கண்ணும் இயந்திரமும் தோற்கும் இந்த இடத்தில் நான்கே வரியில் தீர்ப்புச் சொல்லும் ஒரு வழி, ஆபெல் எழுதுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது. பாரிசின் எகோல் பொலிடெக்னிக் மாணவர்களுக்காக ஒகுஸ்தன்-லூயி கோஷி 1821-ல் வெளியிட்ட பகுப்பாய்வு நூலில், தொடர்களைப் பற்றிய ஆறாம் அத்தியாயத்தில் அது வருகிறது. இன்று கல்லூரிப் பாடத்தில் கோஷியின் ஒடுக்கச் சோதனை என்று படிப்பது அதைத்தான்.

சோதனை சொல்வது இவ்வளவே. உறுப்புகள் எல்லாம் மிகையாக இருந்து, போகப் போகக் குறைந்துகொண்டே வர வேண்டும். அப்படியானால் எல்லா உறுப்புகளையும் பார்க்கத் தேவையில்லை. 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இடங்களில் உள்ள உறுப்புகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் இட எண்ணாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும். இந்தப் புதிய தொடர் ஒருங்கினால் பழையதும் ஒருங்கும். புதியது விரிந்தால் பழையதும் விரியும். குறியீட்டில் எழுதினால், a(n) என்பது பழைய தொடரின் உறுப்பு என்றால் புதிய தொடரின் உறுப்பு 2^k · a(2^k).

லட்சக்கணக்கான உறுப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சமிருக்கும் சிலவற்றை வைத்துத் தீர்ப்பு எழுத எப்படி முடிகிறது? ஆபெலின் தொடரிலேயே ஒரு சிறு துண்டை எடுத்துப் பார்க்கலாம். 4 முதல் 7 வரை உள்ள நான்கு உறுப்புகள் முறையே சுமார் 0.180, 0.124, 0.093, 0.073. இவற்றின் கூட்டல் 0.471. நான்கில் மிகப் பெரியது முதல் உறுப்பு. நான்குமே அதற்குச் சமம் என்று வைத்தால் 4 × 0.180, அதாவது 0.721. உண்மைத் தொகை இதைத் தாண்ட முடியாது. மறுபக்கம், இந்த நான்கும் எட்டாவது இடத்தில் உள்ள 0.060-ஐவிடப் பெரியவை. ஆகவே உண்மைத் தொகை 4 × 0.060, அதாவது 0.240-க்குக் கீழே இறங்கவும் முடியாது.

அந்த இரண்டு எல்லைகளையும் கூர்ந்து பார்த்தால் சோதனையின் உயிர் தெரிந்துவிடும். மேல் எல்லை 4 × a(4). அது புதிய தொடரின் ஓர் உறுப்பு. கீழ் எல்லை 4 × a(8). அது புதிய தொடரின் அடுத்த உறுப்பான 8 × a(8)-இல் சரிபாதி. 8 முதல் 15 வரை, 16 முதல் 31 வரை என்று எந்தக் கட்டை எடுத்தாலும் இதே நிலைதான். பழைய தொடரின் ஒவ்வொரு கட்டும் புதிய தொடரின் ஓர் உறுப்புக்கும் அடுத்த உறுப்பின் பாதிக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது. புதிய தொடரின் கூட்டுத்தொகை எல்லைக்குள் அடங்கினால் பழையது தப்பி ஓட வழியில்லை. புதியது எல்லையின்றி வளர்ந்தால், அதில் பாதி அளவாவது பழையதும் வளர்ந்தாக வேண்டும்.

இந்தக் கட்டுகட்டும் எண்ணம் கோஷிக்கும் மிக முந்தியது. 1350-ஐ ஒட்டி பிரான்சின் நிக்கோல் ஒரேம் 1 + 1/2 + 1/3 + … என்ற தொடர் விரியும் என்று காட்டியது இப்படித்தான்: 1/3-ம் 1/4-ம் சேர்ந்தால் பாதிக்கு மேல், 1/5 முதல் 1/8 வரை சேர்ந்தால் பாதிக்கு மேல், பாதிகள் முடிவதே இல்லை. ஒரு தொடருக்கு ஒரேம் செய்ததைக் குறைந்துகொண்டே போகும் எல்லாத் தொடர்களுக்குமான விதியாக்கியது கோஷியின் பங்கு.

இப்போது ஆபெலின் தொடருக்குச் சோதனையைப் பொருத்தலாம். n இருக்கும் இடத்தில் 2^k-ஐ வைக்க வேண்டும். ln(2^k) என்பது k ln 2. அடுக்கெண் கீழே இறங்கிப் பெருக்கலாக மாறுவது மடக்கையின் அடிப்படை இயல்பு. பிறகு 2^k-ஆல் பெருக்க வேண்டும்:

2^k × 1/(2^k · k ln 2) = 1/(k ln 2)

மேலே உள்ள 2^k-ம் கீழே உள்ள 2^k-ம் அடிபட்டுப் போகின்றன. ln 2 என்பது 0.693 என்ற மாறாத எண், அதனால் தீர்ப்பு மாறாது. மிஞ்சுவது 1/k. ஒரேம் விரியும் என்று காட்டிய அதே தொடர். ஆகவே ஆபெலின் தொடரும் விரிகிறது. 4300 இலக்கங்கள் கொண்ட எண்வரை எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்விக்கு இவ்வளவு சின்னக் கணக்கு விடை சொல்லிவிட்டது.

மடக்கையை வர்க்கமாக்கினால் கதை தலைகீழ். 1/(n (ln n)²) என்ற உறுப்பில் அதே மாற்றத்தைச் செய்தால் மிஞ்சுவது 1/(k² (ln 2)²). 1/k² ஒருங்கும் தொடர் என்பதால் இதுவும் ஒருங்குகிறது. மடக்கையின் அடுக்கு p என்று பொதுவாக வைத்தால் மிஞ்சுவது 1/k^p. P ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் ஒருங்கும், ஒன்று அல்லது அதற்குக் கீழே என்றால் விரியும். பிரெஞ்சுப் பாடநூல்கள் இந்தக் குடும்பத்தை பெர்த்ராந்தின் தொடர்கள் என்று அழைக்கின்றன.

ஒருங்குகிறது என்று தெரிந்த பிறகும் இந்தத் தொடர் எளிதில் பிடிகொடுப்பதில்லை. 1/(n (ln n)²)-ஐ 2-லிருந்து முடிவிலி வரை கூட்டினால் விடை சுமார் 2.1097. ஆனால் N வரை கூட்டி நிறுத்தினால் விடுபடும் பகுதி கிட்டத்தட்ட 1/ln N. பத்து லட்சம் எண்கள் வரை கூட்டினாலும் 0.07 விடுபட்டிருக்கும். பிழையை 0.01-க்குக் குறைக்க ln N நூறாக வேண்டும். அப்போது N என்பது 44 இலக்க எண். ஒருங்கும் இந்தத் தொடரையும் விரியும் ஆபெலின் தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிக்கொண்டே போனால், இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டது போலவே தோன்றும். எது உண்மையில் நிற்கப் போகிறது என்று தசமப் புள்ளிகள் சொல்லாது.

இரட்டிப்பதில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது? கட்டுகளை வேறு மாதிரி வெட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் இதற்கு நல்ல விடை. 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களில் வெட்டலாம். ஆஸ்கார் ஷ்லோமில்ஹ் பிற்காலத்தில் தந்த பொது வடிவம் இதற்கும் இடம் கொடுக்கிறது. அங்கே பெருக்க வேண்டியது கட்டின் நீளத்தை, அதாவது 2k+1-ஐ. ஆபெலின் தொடரில் n-க்குப் பதில் k²-ஐ வைத்தால் பகுதியில் k² × 2 ln k வரும். 2k+1-ஆல் பெருக்கினால் பெரிய k-க்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1/(k ln k). தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறோம். வர்க்கத்தில் மடக்கை கரைவதில்லை. 2 என்ற காரணி வெளியே வருவதோடு சரி. இரட்டிக்கும்போதுதான் மடக்கை வெறும் k ஆகிறது. இரண்டுக்குப் பதில் மும்மடங்காக, 3, 9, 27 என்று போனாலும் அதே பலன் கிடைக்கும், ஏனென்றால் ln(3^k)-ம் k-இன் மடங்குதான். மடக்கை உள்ள தொடருக்கு இந்தச் சோதனையை ஆசிரியர்கள் கையில் கொடுப்பதற்குக் காரணம் இதுவே: ஒரு முறை போட்டால் ஒரு மடக்கை குறைகிறது.

மடக்கைக்குள் மடக்கை இருந்தால் இன்னொரு முறை போட வேண்டியதுதான். 1/(n ln n · ln ln n) என்ற உறுப்பை ஒடுக்கினால் 1/(k ln 2 · ln(k ln 2)) கிடைக்கிறது. இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ln(k ln 2) என்பது ln k அல்ல; அதைவிட 0.367 குறைவு. பகுதி சிறிதானால் பின்னம் பெரிதாகும். ஆகவே இந்த உறுப்பு 1/(k ln k · ln 2)-ஐவிடப் பெரியது. அதுவோ ஆபெலின் விரியும் தொடர். பெரியதும் விரிந்தே ஆக வேண்டும். ln ln n-ஐ மட்டும் வர்க்கமாக்கினால் இதே பாதையில் போய் ஒருங்கும் தொடரை அடையலாம். ஆனால் அதில் விடுபடும் பகுதி 1/ln ln N என்ற அளவில் குறைகிறது, பிழையை 0.1-க்குக் கொண்டுவரவே 9500 இலக்கங்களுக்கும் மேற்பட்ட N தேவைப்படும்.

இப்படி ஏறிக்கொண்டே போனால் ஒருங்குவதற்கும் விரிவதற்கும் இடையே உள்ள கடைசி எல்லைக்கோட்டை எங்காவது தொட்டுவிடலாமா? ஆபெலின் 1828-ஆம் ஆண்டுக் குறிப்பு இதற்கும் விடை சொன்னது. விரியும் தொடர் எதை எடுத்தாலும், அதன் ஒவ்வொரு உறுப்பையும் அதுவரை சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் புதிய தொடரும் விரியும், இன்னும் மெதுவாக. 1/n-இல் தொடங்கினால் கூட்டுத்தொகை ln n அளவு. வகுத்தால் 1/(n ln n). அதன் கூட்டுத்தொகை ln ln n அளவு. வகுத்தால் 1/(n ln n · ln ln n). கடைசி விரியும் தொடர் என்று ஒன்று இல்லை. அதனால் ஒலிவியே தேடியது போல ஏதோ ஒரு கோவையால் உறுப்பைப் பெருக்கிப் பார்த்து, எல்லாத் தொடர்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் விதியும் இருக்க முடியாது. ஒரு தவறான விதியைத் திருத்தியதோடு நில்லாமல், அந்த வகை விதியே இல்லை என்று சில பக்கங்களில் நிறுவிய அந்தக் குறிப்பு, அளவில் சிறியதென்றாலும் தொடர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகக் கூர்மையானவற்றுள் ஒன்று.

தேர்வுத் தாளில் இந்தச் சோதனை எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. அடிக்கடி நடப்பது, n-க்குப் பதில் 2^k-ஐ வைத்துவிட்டு வெளியே பெருக்க வேண்டிய 2^k-ஐ மறப்பது. அப்போது ஆபெலின் தொடர் 1/(2^k · k ln 2) ஆகி, வேகமாக ஒருங்கும் தொடராகத் தெரியும். விடையில் 2^k பகுதியில் தங்கியிருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். ln(n²)-ஐயும் (ln n)²-ஐயும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. முதலாவது வெறும் 2 ln n, ஆகவே 1/(n ln(n²)) விரிகிறது. இரண்டாவது ஒருங்கவைக்கிறது. அடைப்புக்குறி இருக்கும் இடமே தீர்ப்பை மாற்றிவிடுகிறது.

உறுப்புகள் குறைந்துகொண்டே வர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்புக்குச் சொல்வதல்ல. 1, 2, 4, 8 ஆகிய இடங்களில் பூச்சியமும் மற்ற எல்லா இடங்களிலும் 1-ம் கொண்ட ஒரு தொடரை எண்ணிப் பாருங்கள். அது விரிகிறது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் சோதனை பார்க்கும் இடங்களில் எல்லாம் பூச்சியம்தான். அது ஒருங்கும் என்று சொல்லிவிடும். தொடக்கத்தில் சில உறுப்புகள் ஏறி இறங்கினால் பாதகமில்லை. ஓர் இடத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்தால் போதும்.

உறுப்பு எவ்வளவு சிறியது என்பதை வைத்து முடிவு செய்கிறவர்களுக்கு 1/(ln n)^100 ஒரு நல்ல பாடம். n பத்து லட்சமாக இருக்கும்போது இந்த உறுப்பின் பகுதியில் 115 இலக்க எண் நிற்கிறது. ஒடுக்கினால் கிடைப்பது 2^k/(k ln 2)^100. k = 100 என்ற இடத்தில்கூட இது கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது: மேலே 31 இலக்க எண், கீழே 185 இலக்க எண். ஆனால் k ஆயிரத்தை எட்டும்போது மேலே 302 இலக்கங்கள், கீழே 285. மேலே உள்ளது முந்திவிட்டது, பிறகு எப்போதும் பின்வாங்காது. உறுப்புகளே பூச்சியத்துக்குப் போகாத தொடர் ஒருங்க வழியில்லை. பகுதியில் n இல்லாமல் மடக்கை மட்டும் இருந்தால், அதை எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் தொடர் விரியும்.

இந்தத் தொடர்கள் பாடநூலுக்காகச் செய்து வைத்தவை அல்ல. பகா எண்களை வரிசையாக எழுதினால், n-ஆவது பகா எண் ஏறக்குறைய n ln n அளவில் இருக்கும் என்பது 1896-ல் ஹதமாரும் தெ லா வல்லே புசானும் தனித்தனியே நிறுவிய பகா எண் தேற்றத்தின் விளைவு. ஆயிரமாவது பகா எண் 7919. 1000 × ln 1000 என்பது சுமார் 6908. பத்து லட்சமாவது பகா எண் 1,54,85,863. அங்கே n ln n சுமார் 1,38,15,511. விகிதம் மெதுவாக 1-ஐ நோக்கி நகர்கிறது. ஆகவே 1/2 + 1/3 + 1/5 + 1/7 + 1/11 + … என்று பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டுவதும் ஆபெலின் தொடரைக் கூட்டுவதும் தன்மையில் ஒன்றே. n-ஆவது பகா எண் 2n ln n-ஐத் தாண்டாது என்ற தளர்ந்த எல்லையே, மூன்றாவது பகா எண்ணிலிருந்து, விரிவைக் காட்டப் போதும்.

அந்தத் தொடர் விரியும் என்பது 1737-லேயே ஆய்லருக்குத் தெரியும், வேறு வழியில். எவ்வளவு மெதுவாக விரிகிறது என்றால், கூட்டுத்தொகை 4-ஐத் தாண்ட, சுமார் 1.8 × 10^18 வரை உள்ள பகா எண்கள் அனைத்தையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பகா எண்ணையும் அதன் மடக்கையால் பெருக்கிவிட்டுத் தலைகீழாக்கிக் கூட்டினால், அதாவது 1/(p ln p) என்று கூட்டினால், நாம் இருப்பது 1/(n (ln n)²) பக்கம். அந்தக் கூட்டல் ஒருங்குகிறது. அதன் மதிப்பு சுமார் 1.6366.